பணிநீக்க உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கோரி மேல்முறையீடு

பல்லடம்,
8 ஜூலை 2024

அனுப்புநர்:
க. மாரிமுத்து,
டோக்கன் எண் 417,
முன்னாள் பேக்கிங் பொறுப்பாளர் (அரை நைட் ஷிப்ட்)

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்

பொருள்: 28.06.2024 தேதியிட்ட பணிநீக்க உத்தரவை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் மில்லில் 2010 ஜூன் மாதம் பேக்கிங் உதவியாளாகச் சேர்ந்தேன். 2016 முதல் பேக்கிங் பொறுப்பாளராக இருந்தேன். கவுண்ட் கலந்த நூலைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன் என்று கூறி, கடந்த மாதம் 28-ஆம் தேதி என்னை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். அந்த மூட்டைகளை நான் பேக்கிங் செய்யவில்லை. அவை கட்டப்பட்டபோது நான் மில்லிலேயே இல்லை. அதற்கான சான்று மில்லின் கோப்பிலேயே இருக்கிறது. அதைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை தேர்தல் விடுமுறை. ஓட்டுப் போட ஊருக்குப் போனவர்களில் பலர் திங்கட்கிழமை, அதாவது 22-ஆம் தேதியும் திரும்பவில்லை. அரை நைட்டில் பேக்கிங்கில் ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் அன்று மூன்று பேர்தான் இருந்தோம். திருப்பூர் வாடிக்கையாளருக்கு 40-ஆம் நம்பர் கோம்ப்டு ஹொசைரி நூல் 60 மூட்டை மறுநாள் காலை வண்டி ஏற வேண்டியிருந்தது. மூட்டைக்கு 40 கோன், 50 கிலோ. மாலை 4 மணிக்குத் தொடங்கி 38 மூட்டை கட்டினோம். 38-ஆவது மூட்டை தராசில் ஏறியபோது மணி 11.41. அப்புறம் இடத்தைக் கூட்டிவிட்டு, பேக்கிங் ரெஜிஸ்டரில் 38-ஆம் எண்ணுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஷிப்ட் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு 12.14-க்குக் கைரேகை வைத்து வெளியே வந்தேன். மீதி 22 மூட்டையையும் கட்டியது ஃபுல் நைட் ஷிப்ட்.

மே மாதம் 14-ஆம் தேதி வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. 41, 44, 47 ஆகிய மூன்று மூட்டைகளில் 34-ஆம் நம்பர் கோன்கள் கலந்திருந்தன. அந்த நூல் ஓடிய துணியில் பட்டை விழுந்துவிட்டது. அவர்கள் 1,86,400 ரூபாய்க்கு டெபிட் நோட் அனுப்பினார்கள். இது மில்லுக்குப் பெரிய இழப்பு. பணத்தைவிட, நம் நூலை நம்பி வாங்குகிறவருக்கு ஏற்பட்ட மனவருத்தம் பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

மே 17 அன்று எனக்கு மெமோ தந்தார்கள். 21-ஆம் தேதி எழுத்தில் பதில் கொடுத்தேன். ஜூன் 12 அன்று விசாரணை நடந்தது. அதில் எனக்கு எதிராக வைக்கப்பட்ட ஒரே ஆவணம், பேக்கிங் ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்து ஜெராக்ஸ். 1 முதல் 50 வரை மூட்டை எண்கள், அதில் ஒரே ஒரு கையெழுத்து, அது என்னுடையது. எனவே அந்தப் பக்கம் முழுவதற்கும் நான்தான் பொறுப்பு என்று முடிவு செய்தார்கள்.

ஐயா, அந்த ரெஜிஸ்டர் ஃபுல்ஸ்கேப் அளவு நோட்டு. ஜெராக்ஸ் எடுத்தது ஏ4 தாளில். நோட்டின் அடியில் ஏறக்குறைய மூன்று விரல் அகலம் அந்தத் தாளில் வரவில்லை. எங்கள் பகுதியில் பக்கம் நிறையும்போது அந்த ஷிப்டில் இருப்பவர் அடியில் கையெழுத்திடுவது வழக்கம். 39 முதல் 50 வரையிலான மூட்டைகளுக்கு அடுத்த ஷிப்ட் பொறுப்பாளர் போட்ட கையெழுத்து அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. விசாரணையில் அசல் நோட்டைக் கொண்டுவரும்படி இரண்டு முறை கேட்டேன். "நகல் போதும், தேவையில்லை" என்று விசாரணை அதிகாரி சொன்னார். நான் கேட்டதும் அவர் மறுத்ததும் விசாரணைக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. அசல் நோட்டு பேக்கிங் அலுவலக அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் புகாரோடு அனுப்பிய போட்டோக்களில் ஒன்று 41-ஆம் மூட்டையின் மேல் ஒட்டிய எடைச் சீட்டு. அதில் எடை 50.00 என்றும் நேரம் 01:07 என்றும் அச்சாகியிருக்கிறது. இரவு ஒரு மணி ஏழு நிமிடம். அந்த நேரத்தில் நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்தப் போட்டோ விசாரணைக் கோப்பிலேயே இருந்தும், நீக்க உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கேட்டில் பதிவான என் கைரேகை நேரத்தையும் இந்தச் சீட்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் மேலும் வாதாட வேண்டியதில்லை.

கலப்பு எப்படி நேர்ந்திருக்கும் என்பது பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டும். யாரையும் மாட்டிவிடும் எண்ணம் எனக்கு இல்லை. மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நம் மில்லில் 40-ஆம் நம்பருக்குப் பச்சைக் கோன், 34-ஆம் நம்பருக்கு மஞ்சள் கோன். ஏப்ரல் நடுவில் ஸ்டோரில் மஞ்சள் கோன் தீர்ந்துபோனது. புதுச் சரக்கு வரும்வரை ஆட்டோகோனரில் 34-ஆம் நம்பரையும் பச்சைக் கோனிலேயே சுற்றி, அடிப்பக்கம் உள்ளே சாக்பீஸில் ஒரு கோடு போட்டு அனுப்பினார்கள். டிராலியில் ஏற்றி இறக்கும்போது அந்தக் கோடு உரசி அழிந்துவிடும். நிரம்பிய கோன்கள் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் அனுபவமுள்ளவருக்கே சட்டென்று வித்தியாசம் தெரியாது. இது ஆபத்து, நிறம் மாற்றி வேறு கோனாவது வாங்க வேண்டும் என்று ஏப்ரல் 17 அன்றே ஸ்பின்னிங் மேனேஜருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவர் அலுவலகத்தில் முத்திரை வைத்துத் தந்த நகல் என்னிடம் இருக்கிறது. இந்த நிலையில் ஃபுல் நைட்டில் இருந்த பொறுப்பாளரும் அதே தவறில் விழுந்திருக்கலாம். என் இடத்தில் அவரை நிறுத்தித் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

என் பக்கம் ஒரு குறை உண்டு. அன்று இரவு ஒப்படைக்கும்போது, சுவர் ஓரம் சீட்டு இல்லாமல் ஒரு டிராலி நின்றது. அதில் பாதியளவு கோன்கள் இருந்தன. "அதைத் தொடாதீங்க, எந்த நம்பர்னு ஆட்டோகோனர்ல கேட்டுட்டு எடுங்க" என்று அடுத்த பொறுப்பாளரிடம் வாயால் சொன்னேன். ரெஜிஸ்டரில் எழுதவில்லை. டிராலியைச் சங்கிலி போட்டுத் தனியே நிறுத்தவும் இல்லை. எழுதியிருக்க வேண்டும். ஆள் குறைவு, வேலை நெருக்கடி என்றாலும் அது என் தவறுதான். மே 21 பதிலிலும் இதை நானாகவே எழுதியிருக்கிறேன். இதற்கு ஒரு எச்சரிக்கையோ, ஊதிய உயர்வை நிறுத்திவைப்பதோ தாங்கள் தீர்மானித்தால் தலைவணங்கி ஏற்றுக்கொள்வேன். ஆனால் உத்தரவில் இருக்கும் குற்றச்சாட்டு இது இல்லை. நான் பார்க்காத மூட்டைகளுக்கு நான் கையெழுத்துப் போட்டேன் என்பதுதான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

டைம் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கும் நம் மில்லின் நிலையாணையில், தண்டனை தரும் முன் குற்றத்தின் தன்மையையும் தொழிலாளியின் முந்தைய பணிப் பதிவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. என் பதினான்கு வருடப் பதிவில் ஒரே ஒரு மெமோ உண்டு. 2019-இல் மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்ததற்கு. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் அது. தவறு தவறுதான், மறைக்கவில்லை. அதே பதிவில் 2018-இல் மேனேஜர் எழுதிய பாராட்டுக் குறிப்பும் இருக்கும். யூவி விளக்கில் இரண்டு கோன் வேறு நிறமாகத் தெரிந்ததைக் கண்டு, வண்டியில் ஏறியிருந்த லாட்டை இறக்கவைத்து முழுவதும் பிரித்துப் பார்த்தோம். அன்று விடிய விடிய நின்றது நான். உத்தரவில் இந்த இரண்டில் எதுவுமே பேசப்படவில்லை.

ஆகவே தாங்கள் அசல் ரெஜிஸ்டர், 22-ஆம் தேதி இரவின் தராசுப் பதிவு, கேட் கைரேகைப் பதிவு, புகாரோடு வந்த போட்டோ ஆகியவற்றை வரவழைத்துப் பார்க்க வேண்டுகிறேன். மெமோ கொடுத்தவரும் விசாரணை நடத்தியவரும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள். அதனால் இந்த மறுபரிசீலனையைத் தாங்களோ, தலைமை அலுவலகத்தில் தாங்கள் நியமிக்கும் வேறொருவரோ செய்தால் எனக்கு நம்பிக்கையாக இருக்கும். எந்த நாள் அழைத்தாலும் வந்து பதில் சொல்கிறேன். அந்த ஷிப்டில் என்னோடு வேலை செய்த இருவரையும் விசாரிக்கலாம். சென்ற முறை அவர்களை அழைக்கவே இல்லை. முடிவு வரும்வரை என் கணக்கை முடித்து கிராஜுவிட்டி, பி.எஃப். பைசல் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பதிவுகள் நான் சொல்வதை உறுதி செய்தால், என் பணித் தொடர்ச்சி அறுபடாமல் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொழிற்சங்கத்திலும் தொழிலாளர் அலுவலரிடமும் போகச் சொல்லிப் பலர் சொல்கிறார்கள். அந்த உரிமை எனக்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வீட்டு விஷயத்தை முதலில் வீட்டுக்குள் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்து மில்களில் வேலை கேட்டுப் போனால், ஏன் நின்றீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கவனக்குறைவால் நீக்கப்பட்டவன் என்ற சொல்லோடு எந்த பேக்கிங் ஹாலுக்குள்ளும் நான் நுழைய முடியாது. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை, பதில் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று ஏன் காத்திருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

ஜூலை 22-க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். நீக்க உத்தரவு, மெமோ, என் மே 21 பதில், ஏப்ரல் 17 குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. மாரிமுத்து
டோக்கன் எண் 417