ஒடியல் கூழ்: அசைவூட்டக் காணொளிக்கான முழு உரை

வரைபவருக்கும் குரல் கொடுப்பவருக்கும் முதலில் ஒரு சொல்.

இந்தக் காணொளியைப் பார்ப்பவர் ஈரக் கையோடு அடுப்படியில் நின்றுகொண்டு, கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார் என்று எண்ணி ஒவ்வொரு காட்சியையும் வரைய வேண்டும். ஆகவே திரையில் எப்பொழுதும் மூன்று இடங்கள் மட்டுமே இருக்கும்: நடுவில் பாத்திரம், இடது கீழ் மூலையில் அந்த வேளைக்குரிய அளவு, வலது மேல் மூலையில் சமையல் மணிக்கூடு. ஓர் அளவு தோன்றும்போது முந்தைய அளவு மறைந்துவிட வேண்டும். பின்னணி வெளிர் மஞ்சளாக, பூவோ கோலமோ இல்லாமல் இருக்கட்டும். குரல் ஒலிக்கும் வேளையில் இசை வேண்டாம். பொருள்கள் நீரில் விழும் ஓசையும் கொதிக்கும் ஓசையும் போதும்.

மணிக்கூடு காட்டுவது சமையல் நேரத்தைத்தான், காணொளியின் நேரத்தை அன்று. பத்து நிமிடம் வேக வேண்டிய இடத்தில் முள் பத்து நிமிடத்தை இரண்டு நொடியில் சுற்றிக் கடக்கட்டும். அந்த இரண்டு நொடியும் குரல் நிற்கட்டும். பார்ப்பவர் தாம் காத்திருக்க வேண்டிய நேரத்தை அந்த மௌனத்தில்தான் உணர்வார்.

காட்சி 1. பெயர்

திரை எழுத்து: ஒடியல் கூழ். 8 பேருக்கு. ஊற 2 மணி நேரம், அடுப்பில் 43 நிமிடம்.

குரல்: யாழ்ப்பாணத்துக் கடலும் பனங்காணியும் ஒரே பானையில் சேரும் உணவு ஒடியல் கூழ். எட்டுப் பேர் வயிறாரக் குடிக்கும் அளவுக்கு இன்று காய்ச்சுகிறோம். எட்டு லீற்றர் கொள்ளும் பானை ஒன்றையும் நீண்ட பிடியுள்ள அகப்பை ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

காட்சி 2. மா

(நடுவில் அகன்ற சட்டி ஒன்று மட்டும். மா விழும்போது அளவு தோன்றும்; நீர் ஊற்றும்போது மாவின் அளவு மறைந்து நீரின் அளவு தோன்றும்.)

திரை எழுத்து: ஒடியல் மா, 250 கிராம். பிறகு: நீர், 1½ லீற்றர்.

குரல்: பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் அது ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியலை இடித்து அரித்த மாவே வேண்டும். புழுக்கொடியல் ஏற்கெனவே வெந்தது என்பதால் அதன் மா இந்தக் கூழுக்கு எடுபடாது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். 250 கிராம் ஒடியல் மாவை அகன்ற சட்டியில் இட்டு, ஒன்றரை லீற்றர் நீர் ஊற்றி, கட்டிகள் இல்லாதபடி கையால் கரைத்து, அசைக்காமல் வையுங்கள்.

(முள் ஒரு மணி நேரம் சுற்றுகிறது. சட்டியின் குறுக்குவெட்டுத் தோற்றம்: மா அடியில் வெண்படலமாகப் படிகிறது, நீர் மேலே மங்கலான மஞ்சளாகத் தெளிகிறது, தும்புகள் மிதக்கின்றன. இந்தக் காணொளியில் மிகுந்த கவனத்தோடு வரைய வேண்டிய படம் இது. கண்ணால் காணும் சட்டியில் மேற்பரப்பு மட்டுமே தெரியும். உள்ளே நடப்பதை வரைபடத்தால்தான் காட்ட முடியும்.)

குரல்: ஒரு மணி நேரத்தில் மா அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீரையும் மிதக்கும் தும்பையும் சட்டியை மெல்லச் சரித்து ஊற்றிவிடுங்கள். ஒடியலின் கசப்பு அந்த நீரோடு போகிறது. மீண்டும் ஒன்றரை லீற்றர் புது நீர் ஊற்றிக் கரைத்து, இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள்.

(முள் இன்னொரு மணி நேரம் சுற்றுகிறது. நீர் இரண்டாம் முறை ஊற்றப்படுகிறது. இம்முறை மஞ்சள் குறைந்திருக்க வேண்டும்.)

திரை எழுத்து: நீர், 500 மில்லிலீற்றர்.

குரல்: இரண்டாம் நீரையும் ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மாவில் 500 மில்லிலீற்றர் நீர் சேர்த்துக் கரைத்து வையுங்கள். இந்த இரண்டு மணி நேரத்தைச் சுருக்க வேண்டாம். நேரம் இருப்பவர்கள் மூன்றாம் முறையும் நீர் மாற்றலாம். கூழ் இன்னும் தெளிந்த சுவையோடு வரும்.

காட்சி 3. மா ஊறும்போது செய்பவை

(திரையின் மேல் ஓரத்தில் மாச்சட்டியின் சிறு உருவம் மட்டும் நிற்கும், அந்த இரண்டு மணி நேரத்துக்குள் இவை நடக்கின்றன என்று அது சொல்லும்.)

திரை எழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக: நண்டு 500 கிராம், மீன் 500 கிராம், இறால் 250 கிராம்.

குரல்: நண்டு நான்கை ஓடு நீக்கிக் கழுவி, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டுங்கள், பெரிய கால்களை அம்மிக் குழவியால் ஒருமுறை தட்டி வைத்தால் உள்ளே சாறு இறங்கும். மீனுக்குப் பாரை நல்லது. பாசையூரிலோ குருநகரிலோ காலையில் வந்த மீன் கிடைத்தால் தலையையும் சேர்த்து வாங்குங்கள், கூழின் சுவையில் பெரும் பங்கு தலையினுடையது. சிறு முள் நிறைந்த மீனைத் தவிர்த்துவிடுங்கள். கலக்கும்போது சதை கரைந்து முள் கூழில் பரவிவிடும். இறாலின் ஓட்டையும் முதுகு நரம்பையும் எடுத்துவிடுங்கள்.

திரை எழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக: மரவள்ளிக்கிழங்கு 250 கிராம், பயிற்றங்காய் 150 கிராம், பலாக்கொட்டை 20, முருங்கை இலை 2 கைப்பிடி, சிவப்புப் பச்சையரிசி 50 கிராம்.

குரல்: மரவள்ளியைத் தோல் சீவி, நடு நரம்பை நீக்கி, இரண்டு சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டுங்கள். பயிற்றங்காயை விரல் மூட்டளவு முறியுங்கள். பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து இரண்டாகப் பிளவுங்கள். முருங்கை இலையை உருவி, அரிசியைக் கழுவி வையுங்கள்.

திரை எழுத்து: செத்தல் மிளகாய் 15, மஞ்சள் ½ தேக்கரண்டி. பிறகு: பழப்புளி 60 கிராம், வெந்நீர் 300 மில்லிலீற்றர், 15 நிமிடம்.

குரல்: செத்தல் மிளகாயைச் சிறிது நீரில் நனைத்து, மஞ்சளும் சேர்த்து அம்மியில் பட்டுப்போல் அரையுங்கள். தூளைவிட அரைத்த கூட்டே கூழுக்கு நிறமும் மணமும் தரும். பழப்புளியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, கரைத்து, கோதை வடித்துக்கொள்ளுங்கள்.

காட்சி 4. அடுப்பு

(பானை. மணிக்கூடு பூச்சியத்தில் நிற்கிறது. நீரில் குமிழிகள் மேலெழும் வரை முள் அசையக் கூடாது.)

திரை எழுத்து: நீர், 2½ லீற்றர். உப்பு, 1 மேசைக்கரண்டி.

குரல்: இரண்டரை லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பிட்டுக் கொதிக்க வையுங்கள். விறகின் தீயும் எரிவாயுவின் தீயும் ஒன்றல்ல என்பதால் கொதிக்க ஆகும் நேரத்தை நாம் சொல்லவில்லை. நீர் புரண்டு கொதிக்கும் கணத்திலிருந்து உங்கள் கணக்கைத் தொடங்குங்கள். இறுதிவரை பானையை மூட வேண்டாம். மரவள்ளி வேகும் பானை திறந்திருக்க வேண்டும்.

(இனிமேல் ஒவ்வொரு பொருளும் பானைக்குள் விழும் முன் மணிக்கூட்டின் விளிம்பில் அதன் சிறு உருவம் ஒரு நொடி ஒளிர்ந்து மறையும்.)

திரை எழுத்து: 0 நிமிடம். அரிசி, பலாக்கொட்டை.

குரல்: வேக நெடுநேரம் எடுப்பது முதலில் இறங்கும். அரிசியும் பலாக்கொட்டையும் பத்து நிமிடம் வேகட்டும்.

திரை எழுத்து: 10 நிமிடம். மரவள்ளி.

குரல்: மரவள்ளியைச் சேர்த்து ஐந்து நிமிடம்.

திரை எழுத்து: 15 நிமிடம். நண்டு, பயிற்றங்காய்.

குரல்: நண்டின் ஓட்டிலிருந்து சாறு இறங்கும்போதுதான் பானை நீர் கூழின் நீராகிறது. ஏழு நிமிடம் இருக்கட்டும். ஓடு செம்மஞ்சளாக மாறும்.

திரை எழுத்து: 22 நிமிடம். மீன்.

குரல்: மீனையும் தலையையும் இட்டபின் ஐந்து நிமிடம் அகப்பை போட வேண்டாம். கலக்கினால் துண்டு உடைந்துவிடும்.

திரை எழுத்து: 27 நிமிடம். இறால், மிளகாய்க் கூட்டு, புளி.

குரல்: புளியை இதற்கு முன் ஊற்றக் கூடாது. புளிப்பு ஏறிய நீரில் கிழங்கும் காயும் விரைவில் மசியாது, விறைத்தே நிற்கும். ஒரு துண்டு மரவள்ளியை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அது மசிந்தால் மட்டுமே இறாலையும் மிளகாய்க் கூட்டையும் புளிக்கரைசலையும் சேருங்கள். மசியாவிட்டால் முள் ஓடியதைப் பொருட்படுத்தாமல் இன்னும் சில நிமிடம் காத்திருங்கள்.

காட்சி 5. மா கரைதல்

(தீயின் உருவம் பாதியாகச் சிறுக்கிறது. ஒரு கையில் மாச்சட்டி, மற்றக் கையில் அகப்பை; அகப்பை பானையின் அடியைத் தொட்டு வட்டமிடுவது குறுக்குவெட்டில் தெரிய வேண்டும்.)

திரை எழுத்து: 30 நிமிடம். தீ பாதி. கரைத்த மா.

குரல்: மா மறுபடியும் அடியில் தங்கியிருக்கும். அதை நன்றாகக் கலக்கிவிட்டு, மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மற்றக் கையால் அடி தொட்டுத் துழாவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வெளிப்புறம் வெந்து உள்ளே பச்சை மா நிற்கும் கட்டிகள் விழும். இருவர் சேர்ந்து செய்தால் இன்னும் எளிது, ஒருவர் ஊற்ற மற்றவர் துழாவலாம். ஊற்றி முடிந்தபின் பத்து நிமிடம் துழாவிக்கொண்டே இருங்கள். கைவிட்டால் அடிப்பிடிக்கும், அந்த மணம் பானை முழுவதும் ஏறிவிடும்.

(முள் 30இலிருந்து 40 வரை சுற்றுகிறது. கூழின் நிறம் வெளிறிய சிவப்பிலிருந்து ஆழ்ந்த செம்மஞ்சளுக்கு மாறுகிறது. மேற்பரப்பில் குமிழிகள் சிறுத்து, தடித்து, மெதுவாக வெடிக்கின்றன.)

திரை எழுத்து: 40 நிமிடம். முருங்கை இலை, உப்பு ½ மேசைக்கரண்டி.

குரல்: அகப்பையைத் தூக்கினால் கூழ் அதன் பின்புறத்தில் படிந்து நிற்க வேண்டும், ஆனால் ஒழுகவும் வேண்டும். அதுவே பதம். முருங்கை இலையை இட்டு, சுவை பார்த்து, மீதி உப்பைச் சேர்த்து, மூன்று நிமிடம் கழித்து இறக்குங்கள்.

திரை எழுத்து: 43 நிமிடம். இறக்குக.

காட்சி 6. பரிமாறுதல்

குரல்: பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்தியோ, பனையோலைப் பிளாவிலோ, அதுவும் இல்லையென்றால் கிண்ணத்திலோ சுடச்சுட ஊற்றிக் கொடுங்கள். தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது எங்கள் வழக்கம். ஆற ஆறக் கூழ் இறுகும். மீண்டும் சூடாக்கும்போது ஒரு கோப்பை வெந்நீர் விட்டு, சிறுதீயில் துழாவினால் பழைய பதத்துக்கு வரும்.

காட்சி 7. முழுப் பட்டியல்

(குரலும் ஓசையும் இல்லை. பாத்திரமும் மணிக்கூடும் மறைந்து, எல்லா அளவுகளும் ஒரே திரையில் பெரிய எழுத்தில் இருபது நொடி அசையாமல் நிற்கும். பார்ப்பவர் இதைக் கைபேசியில் படமாக எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார்; எழுத்தின்மேல் வேறெந்தக் குறியும் விழக் கூடாது.)

திரை எழுத்து: ஒடியல் மா 250 கிராம். நண்டு 500 கிராம். மீன் 500 கிராம். இறால் 250 கிராம். மரவள்ளி 250 கிராம். பயிற்றங்காய் 150 கிராம். பலாக்கொட்டை 20. சிவப்புப் பச்சையரிசி 50 கிராம். செத்தல் மிளகாய் 15. மஞ்சள் ½ தேக்கரண்டி. பழப்புளி 60 கிராம். முருங்கை இலை 2 கைப்பிடி. உப்பு 1½ மேசைக்கரண்டி. தேங்காய் 1.