காபி, பருப்புகள், ஈரல் டானிக்: நீங்கள் கேட்டவை பற்றி

அன்புள்ள ஐயா,

ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்ததும் காபியை நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். தேவையில்லை, மறுபடி குடியுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை ஈரலுக்கு நல்லதே. கெடுப்பது சர்க்கரைதான்: கோப்பைக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் மூன்று கோப்பையில் ஏறக்குறைய 25 கிராம். கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பதால் காகித வடிகட்டியில் இறக்கிய காபி உங்களுக்கு உகந்தது. தூக்கம் கெடாமல் இருக்க மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதாம், வால்நட் நாளுக்கு 30 கிராம், அதாவது ஒரு சிறிய கைப்பிடி. பாதாம் என்றால் சுமார் 23. இதிலேயே 170 கலோரிக்கு மேல் இருக்கிறது. பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், அதோடு சேர்த்து அல்ல. எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு டப்பாவை மூடிவிடுங்கள். பூஞ்சை பிடித்ததைத் தூக்கி எறியுங்கள்.

மூலிகை டானிக்கை இன்றே நிறுத்துங்கள், தயவுசெய்து. 'இயற்கை' என்ற சொல் ஈரலுக்குக் காப்பு அல்ல. கிரீன் டீ சாறு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, அஸ்வகந்தா, சீந்தில் ஆகியவற்றால் ஈரல் வீங்கியவர்கள் உண்டு. சமையலில் போடும் மஞ்சளுக்குப் பயமில்லை. மாத்திரையில் அது பல மடங்கு செறிவானது. பாட்டிலை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளானாலோ, உடல் அரித்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

கொழுப்பைக் கரைப்பது எடைக் குறைப்பு. உங்கள் 84 கிலோவில் 6 முதல் 8 கிலோ, அவசரமின்றி, வாரத்துக்கு அரைக் கிலோ போதும்.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்