விளம்பரத் தூதர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு

விரைவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்படுகிறது

பீன்யா, பெங்களூரு
18.11.2025

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: 1.4.2024 அன்று கையெழுத்தான விளம்பரத் தூதர் ஒப்பந்தம் – நன்னடத்தை விதி 14இன்படி முடிவுக்குக் கொண்டுவருதல்

எங்கள் தலைக்கவசங்களின் விளம்பரத் தூதராக 31.3.2026 வரை நீங்கள் பணியாற்ற வேண்டிய ஒப்பந்தத்தை, இன்றைய தேதியோடு முடித்துக்கொள்கிறோம்.

அக்டோபர் 21, தீபாவளிக்கு மறுநாள் இரவு, உங்கள் சொந்தச் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு காணொளியை வெளியிட்டீர்கள். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் சாலையில் தலைக்கவசம் இல்லாமல் பைக் ஓட்டுகிறீர்கள். பின்னிருக்கையில் பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன். அவன் தலையிலும் கவசம் இல்லை. வண்டியை நிறுத்தியதும் நண்பர் ஒருவர் எங்கள் விளம்பரத்தைப் பற்றிக் கேட்கிறார். "அது காசுக்குச் சொன்னது. அதை யார் போட்டுக்கொண்டு வேர்ப்பது?" என்கிறீர்கள்.

அக்டோபர் 25 அன்று விளக்கம் கேட்டோம். 31ஆம் தேதி பதில் அனுப்பினீர்கள். நவம்பர் 8 அன்று எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தும் பேசினீர்கள், அதற்கு நன்றி. அது பண்டிகை நேரத்துத் தனிப்பட்ட வேடிக்கை என்றும், ஒப்பந்தப் படப்பிடிப்பின் பகுதி அல்ல என்றும் சொன்னீர்கள். இயக்குநர் குழு இதை விரிவாக விவாதித்தது. ஆனால் விதி 14 படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் உரியது அன்று: "ஒப்பந்தக் காலத்தில் தூதரின் பொது நடத்தையோ பேச்சோ நிறுவனத்தின் நற்பெயருக்கோ பொருளின் மீதான நம்பிக்கைக்கோ கேடு விளைவித்தால், விளக்கம் கேட்டபின் நிறுவனம் உடனடியாக ஒப்பந்தத்தை முடிக்கலாம், நீதிமன்றத் தண்டனை இதற்கு முன்நிபந்தனை அன்று." காணொளியைப் பொதுவில் வெளியிட்டவர் நீங்களே. எனவே தனிப்பட்டது என்ற விளக்கத்தை எங்களால் ஏற்க முடியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், பின்னிருக்கையில் இருப்பவர் உட்பட, தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. அதை மீறியது ஒரு பக்கம். எங்களுக்கு அதைவிடப் பெரிது, நீங்கள் சொன்ன அந்த வாக்கியம். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவரின் சொல் அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்று, தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கோருகின்றன. அது உங்கள் கருத்தன்று என்று நீங்களே ஊரறியச் சொல்லிவிட்டீர்கள். இனி உங்கள் முகத்தோடு அந்த விளம்பரம் ஒரு நாள் ஓடினாலும், பொய் சொல்பவர்கள் நாங்களாகிவிடுவோம்.

விற்பனையில் ஏற்பட்ட சரிவை இங்கே கணக்குக் காட்டப் போவதில்லை. கிருஷ்ணகிரி முகவர் ஒருவர் உங்கள் படமுள்ள பதாகையைத் தாமாகவே இறக்கி வைத்துவிட்டார். மகனைச் சாலை விபத்தில் இழந்த ஒரு தாய், உங்கள் பேச்சைக் கேட்டபின் எங்கள் பள்ளி விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்கு இனி வர மனமில்லை என்று எழுதியிருக்கிறார். முன்பு அப்படியொரு நிகழ்ச்சியில் நீங்கள் குழந்தைகளுக்குத் தாடைப் பட்டையைப் பூட்டிக் காட்டியபோது அவர் அரங்கில் இருந்தார். அந்தக் கடிதத்துக்கு எங்களிடம் பதில் இல்லை.

கணக்கு விவரம்: அக்டோபர் முதல் மார்ச் வரையிலான 182 நாள்களுக்கு ₹12,00,000 முன்பணமாகப் பெற்றிருக்கிறீர்கள். இன்று வரையிலான 49 நாள்களுக்கு உரிய ₹3,23,077 உங்களுடையது. மீதி ₹8,76,923ஐ 30 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும், அதற்குரிய ஜி.எஸ்.டி. வரவுக் குறிப்பையும் அனுப்புங்கள். முந்தைய தவணைகளில் எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. விதி 16 ₹24,00,000 வரை இழப்பீடு கோர இடம் தருகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டையே ஏற்கும் என்பதாலும், உங்களைத் தண்டிப்பது எங்கள் நோக்கம் இல்லை என்பதாலும், பதாகைகளை அகற்றி மறுபடி அச்சிட்ட செலவான ₹3,40,000 மட்டும் கோருகிறோம். ரசீது நகல்கள் இத்துடன் உள்ளன.

எங்கள் பெயர், முத்திரை இடம்பெறும் பதிவுகளை 7 நாள்களுக்குள் உங்கள் பக்கங்களிலிருந்து நீக்கிவிடுங்கள். உங்கள் படமுள்ள விளம்பரங்களை நாங்கள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நிறுத்திவிட்டோம். கடைகளில் எஞ்சியவை நவம்பர் 30க்குள் அகற்றப்படும். ரகசியக் காப்பு விதி 11 தொடர்ந்து பொருந்தும். வேறு நிறுவனங்களோடு நீங்கள் பணியாற்ற எந்தத் தடையும் இல்லை. இம்முடிவில் உடன்பாடு இல்லையெனில், விதி 19இன்படி பெங்களூருவில் நடுவர் தீர்ப்பை நாடலாம்.

ஊடகங்கள் கேட்டால், ஒப்பந்தம் முடிந்தது என்பதைத் தவிர நாங்கள் எதுவும் சொல்ல மாட்டோம்.

இப்படிக்கு,
நிர்வாக இயக்குநர்

இணைப்பு: காணொளியின் பதிவு, 25.10.2025 நாளிட்ட கடிதம், உங்கள் பதில், செலவு ரசீதுகள்