ஊட்டி போஸ்டிங்கைக் கூடலூருக்கு மாற்றித் தரக் கோரும் விண்ணப்பம்

தேவாலா,
07.07.2025

அனுப்புநர்
ம. கௌசல்யா,
பி.எஸ்சி. நர்சிங், மூன்றாம் ஆண்டு, ஆறாம் பருவம்,
தற்போது மகப்பேறு பயிற்சியில், உதகமண்டலம்.

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
செவிலியர் கல்லூரி,
கோயம்புத்தூர்.

வழி: மகப்பேறு செவிலியர் பாட ஒருங்கிணைப்பாளர்

பொருள்: மீதமுள்ள நான்கு வார மகப்பேறு பயிற்சியைக் கூடலூர் அரசு மருத்துவமனையில் முடிக்க அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். ஜூன் 16 முதல் ஆகஸ்ட் 10 வரையிலான எட்டு வார மகப்பேறு போஸ்டிங்கில் நான் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பேட்ச்சில் இருக்கிறேன். வருகிற 13-ஆம் தேதியோடு நான்கு வாரம் முடிகிறது. 14-ஆம் தேதியிலிருந்து என்னைக் கூடலூர் பேட்ச்சுக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் என் அம்மா. ஜூன் 28 அன்று தேயிலை பறித்துவிட்டு மூட்டையோடு இறங்கும்போது, மழை ஈரத்தில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. கோவையில் அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நேற்று முன்தினம்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆறு வாரத்துக்கு வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா தேயிலை தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இது கொழுந்து அதிகம் வருகிற நேரம், அதனால் தொடர்ந்து இரவு ஷிப்ட். தம்பி பத்தாம் வகுப்பு படிக்கிறான். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது.

பக்கத்து லைன் அக்கா ஒருவர் அன்போடு உதவுகிறார். ஆனால் நேற்று அவர் பெட்பேன் வைப்பதற்காக அம்மாவைப் புரட்டியதை நேரில் பார்த்தேன். உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று திரும்பியது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அக்காவைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இடையில் தலையணை வைத்து, உடம்பையும் காலையும் ஒன்றாகச் சேர்த்து எப்படித் திருப்புவது என்று காட்டிக் கொடுத்தேன். முதுகு, குதிகால் சிவக்கிறதா என்று பார்ப்பது, கணுக்காலை அசைக்க வைப்பது, தையல் போட்ட இடத்தைக் கவனிப்பது எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது தெரிந்த ஆள் ஒருவர் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான்.

ஊட்டியிலிருந்து இதைச் செய்ய வழியில்லை. கூடலூருக்கே ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து தேவாலாவுக்கு வேறு பஸ். மழைக்காலத்தில் நடுவட்டம் பக்கம் மரமோ மண்ணோ விழுந்தால் எப்போது வீடு சேருவோம் என்று சொல்ல முடியாது. கூடலூரிலிருந்து என்றால் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான்.

லீவு எடுக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும் என்றாலும், பயிற்சி மணிநேரம் 100 சதவீதம் முடிந்தால்தான் பட்டம். நான்கு வாரம் விட்டால் பிறகு அதைத் தனியாக ஈடுகட்ட வேண்டும். அப்போது எந்த லேபர் வார்டில் இடம் கிடைக்கும் என்று தெரியாது. அம்மா விழுந்தபோது எடுத்த மூன்று நாள் லீவையே இனிமேல்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் நான் கேட்பது லீவு இல்லை, இடமாற்றம் மட்டும்தான்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு துறையின் கீழும், கூடலூர் மருத்துவமனை மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தின் கீழும் வருவதால், அனுமதியும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்று ஒருங்கிணைப்பாளர் மேடம் சொன்னார். அதனால் எண்ணிக்கை மாறாத ஒரு வழியைத் தேடினேன். கூடலூர் பேட்ச்சில் இருக்கும் ஷாலினிக்கு வீடு கேத்தியில். அவர் என் இடத்துக்கு ஊட்டிக்கு வரச் சம்மதித்திருக்கிறார் (அவருக்கும் இது வசதிதான், மறைக்க ஒன்றுமில்லை). இரண்டு மருத்துவமனையிலும் மாணவிகள் எண்ணிக்கை அப்படியே இருக்கும், பட்டியலில் இரண்டு பெயர் மட்டும் இடம் மாறும்.

ஷிப்ட் விஷயத்தில் எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் லைன் வீட்டுப் பாதையில் இருட்டிய பிறகு யானை வரும், மாலை ஷிப்ட் முடிந்து இரவில் நடந்து வர முடியாது. கூடலூரில் அத்தை வீடு இருக்கிறது. மாலை ஷிப்ட் இருக்கும் நாட்களில் அங்கே தங்கி, விடிந்ததும் முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு மதியம் டியூட்டிக்குத் திரும்பிவிடுவேன். இரவு டியூட்டி முடிந்தால் பகல் முழுக்க வீட்டில் இருப்பேன். தூங்குவது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் நான்கு வாரம்தானே. காலை ஷிப்ட் அன்று மட்டும் அம்மாவுக்குக் காலை வேலைகளைத் தம்பியும் அந்த அக்காவும் பார்ப்பார்கள், மாலையில் நான் வந்துவிடுவேன்.

படிப்பில் எனக்கு எது குறையும் என்பதும் தெரியும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வருகிற சிக்கலான கேஸ்கள் கூடலூரில் அத்தனை கிடைக்காது. இதுவரை ஊட்டியில் ஆறு சுகப்பிரசவம் சிஸ்டர் மேற்பார்வையில் எடுத்திருக்கிறேன், லாக்புக்கில் இன்னும் நான்கு பாக்கி. கர்ப்பிணிப் பரிசோதனையில் ஐந்து பாக்கி. இவற்றைக் கூடலூரில் முடித்துவிடலாம் என்று நம்புகிறேன். சிசேரியன் கேஸ் குறிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது, அதை இந்த வாரமே ஊட்டியில் முடித்துவிட்டு வருகிறேன்.

கூடலூரில் எனக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பணியர், காட்டுநாயக்கர் குடும்பத்துப் பெண்கள் பலர் வாழும் பகுதி அது. எனக்கு மலையாளம் பேச வரும், பணியர் பேச்சும் ஓரளவு புரியும். சின்ன வயதிலிருந்தே பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளோடு வளர்ந்தவள் நான். நீலகிரி பழங்குடியினரிடையே சிக்கிள் செல் நோய் இருப்பதை வகுப்பில் படித்தோம். அந்த நோய் உள்ள கர்ப்பிணிக்கு உடம்பில் நீர் குறையாமல், குளிர் தாக்காமல், தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது புத்தகத்தில் நான்கு வரி. அப்படி ஒருவர் வார்டில் இருந்து, அவரும் சம்மதித்தால், அவரிடமே பேசிக் கேட்டு என் கேஸ் ஸ்டடியை எழுத ஆசை.

அம்மாவின் டிஸ்சார்ஜ் குறிப்பின் நகல், ஷாலினியின் சம்மதக் கடிதம், என் அப்பாவின் கையெழுத்திட்ட கடிதம், வார்டு சிஸ்டர் கையொப்பமிட்ட லாக்புக் பக்கங்களின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முடிவை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், சனிக்கிழமை ஊட்டியில் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலை கூடலூரில் சேர்ந்துவிடுவேன். நான்கு வாரத்துக்கும் அனுமதிக்க முடியாவிட்டால், முதல் இரண்டு வாரத்துக்காவது மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் அந்த அக்காவுக்கு எல்லாவற்றையும் நன்றாகப் பழக்கிவிடுவேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி,
ம. கௌசல்யா