தரம் 4 மாணவனின் வாசிப்புப் பின்னடைவு: பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கான நிகழ்ச்சிநிரலும் பேச்சுக் குறிப்புகளும்

இடம்: யாழ்ப்பாணம், ஆரம்பப் பிரிவு வகுப்பறை. புதன்கிழமை பிற்பகல் 1.45 முதல் 2.25 வரை.
பங்குபற்றுவோர்: தாய், தந்தை, அம்மம்மா, பகுதித் தலைவர், வகுப்பாசிரியர். பிள்ளை முதல் ஐந்து நிமிடம் மட்டும் இருப்பார். அவர் முன்னிலையில் பின்னடைவு பற்றிப் பேசுவதில்லை.

1. பிள்ளையுடன் (5 நிமிடம்)
சுற்றாடல் பாடத்துக்காக அவர் வரைந்த பனைமர ஆல்பத்தைப் பெற்றோருக்குக் காட்டச் சொல்வேன். பிறகு அவர் விளையாடப் போகலாம்.

2. நான் கண்டது (15 நிமிடம்)
"உங்கள் மகன் தமிழ்ப் பாடநூலைத் தடங்கலின்றி வாசிப்பதாகவே முதலாம் தவணை முழுவதும் நானும் நம்பியிருந்தேன். பக்கத்தைக் கையால் மறைத்த பிறகும் அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போன அன்றுதான், மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு மனனம் செய்திருக்கிறார் என்று விளங்கியது. முன்னமே கவனியாதது என் தவறு."

முன்பு பாராத அறுபது சொற்பத்தி ஒன்றில் அவர் இருபத்துமூன்று சொற்களில் தடுமாறினார். அவற்றுள் பெரும்பாலானவை கொம்பு வரும் சொற்கள்: 'தோணி' என்பதைத் 'தேணி' என்றும், 'கொடி' என்பதைக் 'கெடி' என்றும் வாசித்தார். கொம்பு எழுத்துக்கு முன்னே நின்றாலும் அதன் ஒலி பின்னேதான் வருகிறது. அதோடு வலப்பக்கத்து அரவையும் சேர்த்துப் பார்த்தால்தான் 'கெ', 'கொ' ஆகும். அவருடைய கண் அந்த அரவைத் தவறவிடுகிறது. ல, ள, ழ குழப்பம் இந்த வயதில் பலருக்கும் உண்டு என்பதால் அதை இப்போதைக்கு விடலாம். கதை சொன்னால் கேட்டு விளங்கி, கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்கிறார். ஆகையால் இதைச் சோம்பல் என்றோ அறிவுக் குறைவு என்றோ யாரும் சொல்ல வேண்டாம்.

3. பெற்றோர் சொல்வது (10 நிமிடம்)
நான் குறுக்கிடாமல் கேட்க வேண்டிய பகுதி. வீட்டில் யார் அவருடன் இருந்து படிக்கிறார்? கரும்பலகை தெரியவில்லை என்று சொன்னதுண்டா? புத்தகத்தைக் கண்ணருகே பிடிப்பதை நான் இரண்டு முறை கண்டேன். ஆதலால் முதலில் கண் பரிசோதனை செய்விக்கும்படி கேட்பேன்.

அடுத்த ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பேச்சு நிச்சயம் எழும். இன்னொரு ரியூசன் வகுப்பு இப்போது உதவாது என்பதே என் கருத்து, ஏனெனில் வாசிக்க இயலாத பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் மேலும் மனனத்தையே பழக்கும். இதைத் தந்தையிடம் தணிவாக, ஆனால் மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

4. இணங்க வேண்டியவை (10 நிமிடம்)
பாடசாலையில் செவ்வாயும் வியாழனும் காலைக் கூட்டத்துக்கு முன் இருபது நிமிடம் எழுத்தட்டைகளுடன் பரிகாரக் கற்பித்தல் நடத்துவேன். வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் அம்மம்மா அருகிலிருக்க, அவர் புதிய பக்கமொன்றை விரல் வைத்து வாசிக்கட்டும். பிழைவிட்டால் சொல்லைச் சொல்லிக் கொடுக்காமல் எழுத்தைக் காட்டினால் போதும். தம்பியோடு ஒப்பிடக் கூடாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் புத்தகத்தை அவரே தெரிவு செய்யட்டும்.

ஆறு வாரங்களின் பின், அவர் முன்பு பாராத வேறொரு அறுபது சொற்பத்தியுடன் மீண்டும் சந்திப்போம்.