மாரியப்பன் அண்ணன் குடும்பத்தாருக்கு

சிவகாசி
20.11.2024

அன்புள்ள பார்வதி மதினிக்கும், கார்த்திக், செல்விக்கும்,

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உங்கள் வீட்டு வாசலிலேயேதான் இருந்தேன். ஆனாலும் உங்களிடம் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இப்போது படிக்க முடியாவிட்டால் கார்த்திக்கிடம் கொடுத்து வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அண்ணன் மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்ன என்று கேட்டேன். "நெஞ்சு கரிக்குது தம்பி, மத்தியானம் சாப்பிட்டது சேரல, கேஸ்தான்" என்றார். பையனை அனுப்பி சோடா வாங்கிக் கொடுத்தேன், நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும். வண்டி வாசலில்தான் நின்றது. எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதை நானே சொல்ல வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் மதினி.

1988 ஜூனில், அப்பா காலத்தில், பேப்பர் அடுக்கும் வேலைக்கு அண்ணன் சேர்ந்தார். நான் காலேஜ் முடித்து 1996-இல் பிரஸ்ஸுக்கு வந்தபோது மிஷினே அவர் கையில்தான் இருந்தது. ஆட்கள் முன்னால் என்னை "முதலாளி" என்பார். மற்ற நேரத்தில் "தம்பி"தான். தொழிலை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பா இல்லை, அவர்தான். அப்போது எங்களிடம் இருந்தது ஒரு கலர் மட்டும் ஓட்டும் ஆஃப்செட். ஒரு சாமி படம் முடிய அதே பேப்பர் நாலு தடவை உள்ளே போய் வர வேண்டும்: மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு. நாலும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் முருகன் கையில் இரண்டு வேல் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பேப்பர் ஈரம் குடித்து விரிந்துவிடும், ரிஜிஸ்டர் நிற்காது. அண்ணன் கட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். "இன்னைக்கு இது ஆறட்டும், நாளைக்கு ஓட்டுவோம்" என்பார். அவர் பேச்சைக் கேட்காமல் நான் ஒரு நாள் ஓட்டச் சொன்னேன். இரண்டு ரீம் எடைக்குத்தான் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அதே கட்டில் என் விரலைப் பிடித்து வைத்து, எப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று காட்டினார்.

படித்தது எட்டாம் வகுப்பு என்று கூச்சப்படுவார். ஆனால் ஓடுகிற தினசரி காலண்டரை ஒரு தாள் விடாமல் படிக்கிற ஆள் எங்கள் பிரஸ்ஸில் அவர் ஒருவர்தான். ஒரு வருஷம் ராத்திரி ஷிப்டில் மிஷினை நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டார். "தம்பி, பௌர்ணமி ஒரு தாள்ல இருக்கு, கார்த்திகை தீபம் நாலு நாள் தள்ளிக் கிடக்கு. இது எப்படி?" பார்ட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரூஃப் அது. நானும் பார்த்துத்தான் அனுப்பியிருந்தேன். அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால் முழு ஆர்டரும் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

2003-இல் அப்பா போன சமயத்தில், வேறொரு பெரிய பிரஸ் அவரைக் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டதாம். சனிக்கிழமை மயானத்திலிருந்து திரும்பும்போது பைண்டிங் ராமர் அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். "தம்பி கொஞ்சம் நிலைக்கட்டும்" என்று சொல்லி மறுத்துவிட்டாராம். உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும் மதினி. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சம்பளம் எவ்வளவு உதவியிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இருபத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சே வரவில்லை.

சரி, இனி பணக் காரியங்கள். இந்த நேரத்தில் இதையெல்லாம் எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். இதில் எதுவும் நாங்கள் கொடுக்கும் உதவி இல்லை. அவர் உழைத்துச் சேர்த்தது. யாரிடமும் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

கிராஜுவிட்டி 36 வருஷத்துக்கு, மாதம் 26,000 ரூபாய் சம்பளக் கணக்கில், 5,40,000 ரூபாய் வருகிறது. மதினி பெயரை அவர் நாமினியாகப் போட்டிருக்கிறார். பதினாறாம் நாளுக்கு முன்பே செக் உங்கள் கையில் இருக்கும். நவம்பர் சம்பளம் முழுதாகவும், எடுக்காத லீவுக்கான பணமும் அதோடு வரும். செல்வியின் காலேஜ் பீஸுக்கு ஜூனில் வாங்கிய 40,000 அட்வான்ஸை எதிலும் பிடிக்கவில்லை, அந்தக் கணக்கை முடித்துவிட்டேன்.

பி.எஃப். பணம் தனி. அதோடு பி.எஃப். ஆபீஸிலிருந்து இன்ஷூரன்ஸ் தொகை ஒன்று உண்டு, அதிகபட்சம் 7 லட்சம் வரை. மதினிக்கு மாதா மாதம் விதவைப் பென்ஷன் வரும், செல்விக்கு 25 வயது வரை ஒரு பங்கு வரும். பி.எஃப்.புக்கு 20, பென்ஷனுக்கு 10-டி, இன்ஷூரன்ஸுக்கு 5-ஐ.எஃப். என்று மூன்று படிவங்கள். எங்கள் கணக்கர் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பார். நீங்கள் எடுத்து வைக்க வேண்டியது ஆதார், பாஸ்புக் நகல், போட்டோ, செல்வியின் பிறந்த தேதிச் சான்று. கார்த்திக், இறப்புச் சான்றிதழை ஐந்தாறு நகலாக வாங்கிக்கொள், எல்லா இடத்திலும் கேட்பார்கள். "சீக்கிரம் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், எனக்குப் போன் போடுங்கள்.

கார்த்திக், மதுரை வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நீ கேட்டாய். அவசரப்படாதே. உனக்கு அந்த வேலை கிடைத்த அன்று அப்பா பிரஸ் முழுக்க லட்டு கொடுத்தார். அம்மாவுக்குத் துணை வேண்டுமென்றால் இங்கே நாங்கள் இருக்கிறோம், என் மனைவி தினமும் வந்து போவாள். செல்வியின் படிப்பு முடியும் வரை பீஸ் பிரஸ் கணக்கில் கட்டுவோம். எங்கள் வீட்டில் பேசி முடிவு செய்தது இது, வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு வருஷமும் ஆல்பத்துக்கு ஓட்டும்போது, நாலு கலரும் சரியாக உட்கார்ந்த முதல் தாளை அண்ணன் தனியே எடுத்து வைப்பார் என்பது செல்விக்குத் தெரியும். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் போட்டதிலிருந்து வேலை நெருக்கடியில் இந்த வருஷத் தாளை எடுத்துப் போக மறந்துவிட்டார் போல. நேற்று அவர் அலமாரியைத் திறந்தபோது, மீனாட்சி அம்மன் படம், பின்பக்கம் பென்சிலில் "செல்வி 2025" என்று எழுதிச் சுருட்டி வைத்திருந்தது. அவருடைய லென்ஸும் மூக்குக் கண்ணாடியும் பக்கத்தில் இருந்தன. மூன்றையும் வேறு யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானே கொண்டு வருகிறேன்.

உங்கள்,
கணேசன்