புலமைப்பரிசிலை ஏற்க இயலாமை பற்றிய அறிவித்தல்

பெறுநர்: செயலாளர் அவர்கள், பட்டப்பின் புலமைப்பரிசில் அலுவலகம், மட்டக்களப்பு

பொருள்: முதுமாணிக் கற்கைக்கான புலமைப்பரிசிலிலிருந்து விலகுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

பேராதனையில் முதுமாணிப் பாடநெறியைத் தொடர்வதற்காக எனக்கு வழங்க முன்வந்த புலமைப்பரிசிலை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன் என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன். ஜப்பானியக் கல்வி அமைச்சின் புலமைப்பரிசிலுக்குத் தெரிவாகியுள்ளேன். அதை ஏற்றுக்கொள்ளும் பத்திரத்தில் கையொப்பமிட்டுக் கொழும்பிலுள்ள தூதரகத்திடம் கடந்த வாரம் ஒப்படைத்துவிட்டேன்.

உங்கள் அலுவலகம் அனுப்பிய ஒப்பந்தத்தில் நான் இன்னும் கையொப்பமிடவில்லை. பணம் எதுவும் என் கணக்குக்கு வரவுமில்லை. பேராதனையில் பதிவு இம்மாத இறுதியில் முடிகிறது. அதற்குள் இந்த இடம் வேறொருவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே தபாலுக்குக் காத்திராமல் மின்னஞ்சலில் எழுதுகிறேன். கையொப்பமிடாத ஒப்பந்தப் பிரதிகள் இரண்டையும் இன்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இந்த முடிவின் காரணத்தை நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஆயினும் சொல்வது என் கடமை. உங்கள் உதவி பாடநெறிக் கட்டணம் முழுவதையும், முதலாம் ஆண்டுக்கான மாதாந்தக் கொடுப்பனவையும் தாங்குகிறது. மாவட்டத்துக்குள்ளேயே திரட்டிய நிதியிலிருந்து இவ்வளவு செய்வது எளிதல்ல என்பதை நன்கறிவேன். ஆனால் என் ஆய்வின் பெருஞ்செலவு இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. மட்டக்களப்பு வாவியின் பல இடங்களில் மாதந்தோறும் நீர் மாதிரி எடுக்க வேண்டும். அதற்குத் தோணி வாடகை, எரிபொருள், மாதிரிகளைக் குளிரில் வைத்துக் கண்டிக்குக் கொண்டுபோகும் செலவு, ஆய்வுகூடக் கட்டணம் எல்லாம் என் பொறுப்பாகும். அப்பாவின் வருமானம் வாவி இறாலை நம்பியது. தம்பி அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். இந்தச் சுமையை வீட்டின் மேல் ஏற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜப்பானியப் புலமைப்பரிசில் கல்விக் கட்டணம், மாதாந்தக் கொடுப்பனவு, போய்வரும் விமானச் செலவு ஆகிய மூன்றையும் தருகிறது. அதைப் பெறும் காலத்தில் வேறு புலமைப்பரிசில் பெற அதன் விதிகள் இடங்கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் உதவியில் ஒரு பகுதியையேனும் வைத்துக்கொள்ளவோ, அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கவோ நான் கேட்கவில்லை. முழுவதையும் விட்டுத்தருகிறேன்.

நேர்முகத் தேர்வு நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாவியின் உப்புத்தன்மையும் இறால் குஞ்சுகளும் பற்றிய என் முன்மொழிவைக் கேட்டுக்கொண்டிருந்த தெரிவுக்குழுவின் மூத்த அம்மையார், "முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள், பிள்ளை?" என்று கேட்டார். மாரி மழையில் வாவி நிரம்பி வயல்களில் நீர் ஏறும்போது மணல் திட்டை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். வெட்டியதும் வாவி வற்றிக் கடல்நீர் உள்ளே வருகிறது. அந்த நாள் முன்னே பின்னே போவதைப் பொறுத்து மீனவரின் பருவமும் மாறுகிறது. கல்லாற்றில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாத விடயமல்ல. மழை விட்ட மறுநாள் அப்பா வீச்சு வலையை உதறும்போது, நகக்கண் அளவு இறால் குஞ்சுகள் கண்ணாடித் துண்டுகளைப் போலத் தோணிப் பலகையில் ஒட்டிக்கிடப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். எனினும் என் முன்மொழிவில் நீரும் உயிரினமும் மட்டுமே இருந்தன. தீர்மானிக்கும் மனிதர்கள் இருக்கவில்லை.

அன்றிரவே ஆய்வுத் திட்டத்தை மாற்றி எழுதத் தொடங்கினேன். பாலமீன்மடு, கல்லாறு ஆகிய இரு முகத்துவாரங்களும் திறக்கும் காலத்தையும், திறந்தபின் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவியில் உப்புநீர் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பகுதி அப்படித்தான் சேர்ந்தது. ஜப்பானில் என்னை மாணவியாக ஏற்க இணங்கிய பேராசிரியரும் அந்தப் பகுதியைக் குறிப்பிட்டே பதில் எழுதினார். அந்த அம்மையாரிடம் என் நன்றியைத் தயவுசெய்து தெரிவியுங்கள். என் ஆய்வுக்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய உதவி அவர் கேட்ட அந்தக் கேள்விதான்.

அதே நாளில் வெளி விறாந்தையில் என்னுடன் காத்திருந்தவர்களையும் நினைக்கிறேன். பொத்துவிலிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்திருந்த ஒருவர், உவர் ஏறிய வயல் மண்ணைச் சிறு பொலித்தீன் பைகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் வயலின் பெயரை எழுதி மடியில் வைத்திருந்தார். அவர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது, தெரிவில் தலையிடும் எண்ணமும் இல்லை. அங்கிருந்த எவருக்குக் கிடைத்தாலும் உங்கள் பணம் வீண்போகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இன்னுமொரு சிறு வேண்டுகோள். விண்ணப்பத்துடன் நான் ஒப்படைத்த பிணையாளர் படிவங்கள் இரண்டும் உங்கள் கோவையில் இருக்கின்றன. ஒருவர் நான் படித்த பாடசாலையின் அதிபர், மற்றவர் என் பெரிய மாமா. இருவரும் அரச உத்தியோகத்தர்கள் என்பதால் வேறு பிள்ளைகளும் பிணைக்காக அவர்களைத்தான் நாடிப் போகிறார்கள். அவர்கள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டதாக ஒரு வரியில் உறுதிசெய்து, அவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளைத் திருப்பி அனுப்பினால் பேருதவியாக இருக்கும். என் சான்றிதழ்களின் பிரதிகளைத் திருப்பத் தேவையில்லை. பேராதனையில் எனக்கு ஒதுக்கிய இடத்தை விட்டுக்கொடுப்பதாக அங்குள்ள பதிவாளருக்கு நானே இன்று எழுதிவிட்டேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பரிந்துரைக் கடிதம் தந்த விரிவுரையாளருக்கும் விடயம் தெரியும்.

படிப்பு முடிந்ததும் கிழக்கு மாகாணத்தில் இரண்டு ஆண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது உங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனை. கையொப்பமிடாத ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள விரும்பவில்லை. என் களம் இந்த வாவிதான், மாதிரி எடுக்க இங்கேதான் வந்தாக வேண்டும். வரும்போது உங்கள் மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகளை வாசித்துக் கருத்துச் சொல்லவும், நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தவும் மனப்பூர்வமாக விரும்புகிறேன். ஜப்பானில் இருந்தபடியே இணைய வழியாகவும் இதைச் செய்யலாம். ஆய்வில் கிடைக்கும் உப்புத்தன்மை அளவீடுகளின் பிரதியொன்றையும் உங்கள் அலுவலகத்துக்குத் தருவேன். அடுத்து இதே வாவியில் ஆய்வு செய்யும் பிள்ளை முதலிலிருந்து தொடங்கத் தேவையிராது.

நீங்கள் என்னைத் தெரிவுசெய்ததாகக் கடிதம் வந்த அன்று அம்மா அதைச் சாமிப்படத்தடியில் வைத்தார். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் உங்கள் உதவிக்கு இருக்கும் மதிப்பு அத்தகையது. உங்களுக்கும், தெரிவுக்குழுவினருக்கும், பெயர் வெளியே சொல்லாமல் இந்த நிதிக்குப் பணம் தருபவர்களுக்கும் என் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

இந்த மின்னஞ்சல் கிடைத்தமையையும், என் பெயர் நீக்கப்பட்டமையையும் தயவுசெய்து பதிலில் உறுதிப்படுத்துங்கள். மேலும் ஏதேனும் படிவத்தில் நான் நேரில் வந்து கையொப்பமிட வேண்டுமாயின், வார நாட்களில் எந்த நேரத்திலும் வர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இ. தர்ஷிகா
கோட்டைக்கல்லாறு